ஒன் சொதி ஏன் திரிஞ்சுது

ஏட்டி, ஒன் சொதி ஏன் திரிஞ்சுதுன்னு கண்டுபிடிச்சாச்சு.

நேத்து டவுன்ல சித்தப்பா மகளுக்கு மறுவீட்டுச் சாப்பாடு. மறுவீடுன்னா வேற என்ன, சொதிதான். தேங்கா துருவ ஆள் பத்தலன்னு ஆச்சி என்னைய அடுப்பாங்கரைக்குள்ள இழுத்து விட்டுட்டாவ. 12 தேங்கா. வலது கையத் தூக்க முடியல, இத எடது கையால தட்டிக்கிட்டிருக்கேன்.

அந்தச் சாக்குல நீ அனுப்புன திரிஞ்ச சொதி போட்டோவ ஆச்சிகிட்ட காட்டுனேன். கண்ணாடிய மாட்டிக்கிட்டு, போன கிட்ட கொண்டுபோயி, பொறவு தள்ளி வச்சு, எக்ஸ்ரே பாக்குற டாக்டர் கணக்கா பாத்தாவ. “பால்ல தப்பில்ல. கொதிக்கும்போதே எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சிருக்கா”ன்னாவ. கொஞ்சம் கழிச்சு, “முருங்கக்கா மட்டும் ஒண்ணுபோல நறுக்கியிருக்கா”ன்னும் சொன்னாவ. ஆச்சி வாயிலேர்ந்து இது வாரது லேசுப்பட்ட காரியமில்லளா. நான் பொறந்ததுலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன்.

பாத்தத அப்படியே சொல்லுதேன். காயெல்லாம் மூணாம் பால்ல வேகுது. வெந்ததும் கொழைய வேகவச்ச பாசிப்பருப்பு, ரெண்டாம் பால், இஞ்சியும் பச்ச மொளகாயும் அரச்சது. ஒரு கொதி. அதுக்குப் பொறவு தீய நல்லா கொறச்சுட்டு மொதப்பால். ஓரத்துல நொர கட்டி லேசா அசையும் பாரு, அந்த நேரத்துல சட்டிய எறக்கிட்டாவ. தாளிச்சுக் கொட்டுனதும் நான் எலுமிச்சம்பழத்தோட தயாரா நிக்கேன், “பொறுட்டி, சூடு அடங்கட்டும்”னு கையத் தட்டி விட்டாவ.

கேரட்டும் பீன்ஸும் போடலாமா கூடாதான்னு சண்ட போட்டோம்லா, அதுல நீ ஜெயிச்சிட்ட. போட்டாவ. உருளக்கிழங்கும் போட்டாவ. சிரிக்காத.

இஞ்சிப்பச்சடியப் பத்தி எழுத ஆரம்பிச்சா விடிஞ்சிரும், அத நேர்ல வச்சுக்கிடுவோம்.

ஆனா எலுமிச்சம்பழக் கதைய நான் ஒத்துக்கிடல. மொதப்பால ஊத்திட்டு நீ போன்ல பேசப் போயிருப்ப, அது பாட்டுக்குத் தளதளன்னு கொதிச்சிருக்கும். ஆச்சிகிட்ட அப்படித்தான் சொன்னேன். கால் கிலோ அல்வா பந்தயம். தோத்தா நான்தான் சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் எதுத்தாப்ல வரிசைல போயி நிக்கணும்.

எலுமிச்சம்பழமா, போனா? உண்மையச் சொல்லுளா, ஆச்சி காலையிலேர்ந்து ரெண்டு மட்டம் கேட்டுட்டாவ.