7-ஆம் பக்கம்: வண்ணத்தில் திருத்த வேண்டியவை

தம்பி, நேத்து நீ அனுப்பின காமிக்ஸ் பக்கத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்துட்டேன். நிறத் தேர்வுல கை வைக்காதே. பாட்டி சேலையோட அரக்கும் கிணத்துமேட்டு மங்கின மஞ்சளும் நல்லா ஒத்துப்போகுது. பாக்கி இருக்கிறதெல்லாம் நிரப்பின விதத்துலதான்.

நீ வெள்ளைப் பின்னணி வச்சே வேலை பார்த்திருக்கே, அதான் நிறம் விழாத ஓட்டை கண்ணுல படல. நிற லேயர் எல்லாத்துக்கும் அடியில ஒரு மெஜந்தா லேயர் போட்டேன். சேவல் வால்ல மட்டும் பதினொரு இடம் பளிச்சுனு தெரிஞ்சுது. இறகு நுனி கூடுற மூலை, பாட்டி விரலிடுக்கு, ராட்டினக் கயிற்றோட முறுக்கு, இங்கெல்லாம் நிறம் ஊத்துற பக்கெட் எட்டாது. சின்ன பிரஷ்ல கையாலதான் அடைக்கணும்.

கோட்டை ஒட்டி மெல்லிசா வெளிர் ஓரம் ஓடுறது வேற கதை. கோட்டோட ஓரப் பிக்சல் எல்லாம் பாதிச் சாம்பல். பக்கெட் அதையும் கோடுன்னு எண்ணி முன்னாடியே நின்னுடுது. பக்கெட்டோட `Area scaling`-ஐ 2 பிக்சல் வச்சா நிறம் கோட்டுக்கு அடியில நுழைஞ்சுக்கும். இறகுக் கோடு ரொம்ப மெல்லிசு, அங்கே 1 போதும். 2 வச்சா மறுபக்கம் எட்டிப் பார்க்கும்.

எட்டிப் பார்க்கிறதுன்னதும் ரெண்டாவது கட்டம். பையனோட தாடையில கோடு திறந்திருக்கு. தோல் நிறம் வானத்துக்குள்ள கொட்டியிருக்கு, நீ அழிப்பான் போட்டுத் துடைச்சிருக்கே, ஆனா மூணு திட்டு மிச்சம். அந்தத் திறப்பு ஓவியர் வேணும்னே விட்டது, கோட்டு லேயரை மூடிடாதே. நிற லேயர்லயே தோல் நிறத்துல ஒரு இழை போட்டுத் திறப்பை அடைச்சுட்டு அப்புறம் ஊத்து. `Close gap` இருக்கேன்னு கேட்பே. இவ்வளவு பெரிய திறப்புக்கு அதை ஏத்தினா, குறுகின மூலை எல்லாம் நிரம்பாம நிக்கும்.

நிழலுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கு. முதல் மூணு கட்டத்துல சாயங்கால வெயில் இடப்பக்கம். நாலாவதுல பார்வை மாறவே இல்லை, ஆனா பாட்டி கன்னத்துல நிழலும் இடப்பக்கமே விழுது. அஞ்சாவதையும் தப்புன்னு குறிச்சுட்டேன்; அப்புறம்தான் பார்வை கிணத்துக்கு எதிர்ப்பக்கம் போயிருக்கிறது புரிஞ்சுது. அங்கே நீ போட்டது சரி, அப்படியே விடு. பையனுக்கு ஊதா நிழல், பாட்டிக்குச் சாம்பல், ஒரே வெயில்ல நிக்கிறவங்களுக்கு எப்படி ரெண்டு நிறம்? ஒரே ஊதாவை `Multiply` லேயர்ல வச்சு, கீழ் லேயரோட கிளிப் பண்ணு. குடத்துல ஏர்பிரஷ் போட்டு உருட்டியிருக்கிறதையும் எடுத்துடு. மத்ததெல்லாம் வெட்டின மாதிரி நிழலா இருக்கையில குடம் மட்டும் வேற கதையிலேர்ந்து வந்தாப்ல இருக்கு.

மெஜந்தா லேயரை அழிக்காம மறைச்சு மட்டும் வை. வியாழன் சாயங்காலத்துக்குள்ள கோப்பு வந்தா போதும்.