ஒன்பது துடிப்பு

கதவுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் ஒரு நாற்காலி. நினைத்த நேரத்தில் நழுவிவிடலாம் என்றுதான் தேன்மொழி அதைப் பிடித்தாள். கழுத்திலிருந்த பெயர் அட்டை பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அவள் அதைச் சரிசெய்யவில்லை.

சென்சார் போர்டுகளைப் பற்றிய பேச்சு. கேள்வி நேரத்தில் நரைமீசைக்காரர் ஒருவர் எழுந்தார். "சென்சாருக்குப் போற ஐ-டூ-சி பஸ் திடீர்னு தொங்கிடுது. டேட்டா லைன் எஸ்டிஏ லோவிலேயே நிக்குது. கன்ட்ரோலரை ரீசெட் பண்ணாலும் சரியாகலை." சென்சாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுக்க ஒரு டிரான்சிஸ்டர் போடுங்கள் என்றார் பேச்சாளர்.

அது வேண்டியதில்லை என்பது தேன்மொழிக்குத் தெரியும். கை மடியை விட்டு எழவில்லை.

இடைவேளையில் தண்ணீர்க் குவளைகளுக்கு அருகே அவரே வந்து நின்றார். அவள் குவளையைப் பார்த்தபடி சொன்னாள்: "சார், எஸ்டிஏவை விட்டுட்டு, கிளாக் லைன் எஸ்சிஎல்ல ஒன்பது கிளாக் குடுத்துப் பாருங்க. லைன் மேலே வந்ததும் ஒரு ஸ்டாப்."

"ஏன் ஒன்பது?"

"ரீசெட் ஆனது கன்ட்ரோலர் மட்டும்தானே. சென்சார் ஒரு பைட்டோட நடுவுல நிக்குது, மிச்ச பிட்டுக்குக் கிளாக் வரும்னு காத்திருக்கு. எட்டு பிட், ஒரு அக்னாலெட்ஜ். அதுக்குள்ள எங்க நின்னிருந்தாலும் விட்டுடும்."

அவர் பேனாவை எடுத்து, தன் பெயர் அட்டையின் பின்னால் எழுதிக்கொண்டார். "லைனை மேலே இழுக்குற புல்-அப் ரெசிஸ்டர் எவ்வளவு போட்டிருக்கீங்க?" என்று அவளே கேட்டுவிட்டாள். பத்து கிலோ ஓம், கேபிளோடு சேர்த்துச் சுமார் 200 பிகோஃபாரட் என்றார். "அப்போ லைன் ஏறவே 1.7 மைக்ரோசெகண்ட் ஆகும். நூறு கிலோஹெர்ட்ஸுக்கு ஒண்ணுதான் வரம்பு. மெதுவா ஏறுற விளிம்புல இரைச்சல் புகுந்தா, சென்சார் ஒரு கிளாக்கை ரெண்டா எண்ணிடும். 2.2 கிலோ ஓம் போடுங்க."

சொல்லி முடித்தபோதுதான் உறைத்தது: தன் அலுவலக போர்டிலும் அதே பத்து கிலோ ஓம்தான். இரண்டு மாதமாக அந்தக் கணக்கு அவளுடைய நோட்டில் மட்டும் கிடக்கிறது.

புதன்கிழமை அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: "ஏழாவது கிளாக்லயே விட்டுடுச்சு."

அன்று மாலை தேன்மொழி, பழைய மின்தடையோடும் புதியதோடும் எடுத்த இரண்டு ஸ்கோப் படங்களையும் கணக்கையும் குழுவின் பொதுக் கோப்புறையில் போட்டாள். சர்க்யூட்டில் ஆர்7, ஆர்8 இரண்டையும் மாற்றிவிட்டு, மாற்றக் குறிப்பில் தன் பெயரை எழுதினாள்.

அடுத்த வார ரிவ்யூவில் தலைவர் திரையை நிறுத்தினார். "ஆர்7 ஏன் மாறியிருக்கு?"

வழக்கமாகப் பதில் சொல்லும் சக ஊழியர் வாயைத் திறப்பதற்குள்,

"கேபிள் நீளம் சார்," என்றாள் தேன்மொழி. "படம் காட்டட்டுமா?"