பற்று நோட்டில் நிற்கும் பணம்

வாடிக்கையாளர் மனம் கோணாமல் பழைய பாக்கியை வாங்குவது எப்படி? மளிகைக் கடைக்காரர்களுக்கு 24 பக்க இலவசக் கையேடு

அண்ணாச்சி, அக்கா, கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் அந்த நோட்டை ஒரு நிமிடம் கையில் எடுங்கள். பழைய பக்கங்களுக்குப் போங்கள். ஆறு மாதமாக யாரும் புரட்டாத பக்கத்தில் எவ்வளவு நிற்கிறது என்று கூட்டிப் பாருங்கள்.

திருப்பூரில் அப்பா நடத்திய மளிகைக் கடையில் நான் அப்படிக் கூட்டிப் பார்த்தபோது கடையை மூடி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு பக்கத்தின் தலையில் "பச்சை கேட் வீடு" என்று மட்டும் எழுதியிருந்தார். கீழே எண்ணெய் 1, து.பருப்பு ½, சோப்பு 2 என்று வரிசையாக இறங்கி 3,480 ரூபாயில் நின்றது. பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை, பாதி வரிகளுக்குத் தேதியும் இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போய் வெகுநாள் ஆகிவிட்டது. நூறு ரூபாய் வியாபாரத்தில் எட்டு ரூபாய் மிஞ்சும் கடையில் 3,480 ரூபாயை லாபமாக எடுக்க 43,500 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். அப்பாவிடம் நான் இந்தக் கணக்கைச் சொல்லவே இல்லை.

கடன் கொடுக்காதீர்கள் என்று இந்தக் கையேடு சொல்லாது. தெருவில் கடை வைத்துக்கொண்டு "கடன் இல்லை" என்று போர்டு மாட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கொடுத்ததை எப்படி எழுதுவது, எந்த நாளில் கேட்பது, என்ன வார்த்தையில் கேட்பது, இந்த மூன்றைத்தான் சொல்கிறது.

ஒரு பக்கத்தை இங்கேயே தருகிறேன், படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்குபவரிடம் புதன்கிழமை கேட்டால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். சனிக்கிழமை சாயங்காலம் கேளுங்கள். மாதச் சம்பளக்காரர் என்றால் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் போவதற்கு முன்னால், முதல் வாரத்துக்குள். கடையில் நாலு பேர் நிற்கும்போது வாயைத் திறக்கவே வேண்டாம். மொத்தத்தை ஒரு சிட்டையில் எழுதி, மடித்து, வாங்கிய சாமானோடு கொடுங்கள். "கணக்குப் போட்டு வச்சிருக்கேன் அக்கா, வீட்ல போய்ப் பாருங்க, தப்பு இருந்தா சொல்லுங்க." அவ்வளவுதான். பணம் என்ற வார்த்தையே அதில் வரவில்லை, பாருங்கள்.

அப்புறம் கையெழுத்து. கடனுக்குக் கொடுத்த சரக்குக்குத் தவணை எதுவும் பேசாமல் இருந்தால், கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள்தான் நீதிமன்றத்தில் கேட்க முடியும். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்த 3 ஆண்டு முடிவதற்குள் "இவ்வளவு தர வேண்டும்" என்று அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், கணக்கு அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். 800 ரூபாய்க்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. ஆனால் மாதக் கடைசியில் கூட்டிப் போட்டு, "தர வேண்டியது" என்ற வரிக்கு நேராகக் கையெழுத்து வாங்கும் வழக்கம் வந்துவிட்டால், "நான் இவ்வளவு வாங்கலையே" என்ற பேச்சு குறைந்துவிடும். உறவுக்காரரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் இதை எப்படிக் கேட்பது என்பதற்கே கையேட்டில் நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் நமக்கு நாக்கு எழாது.

கடைசி இரண்டு பக்கங்கள் பற்று நோட்டுக்கான மாதிரித் தாள். பெயர், போன், தேதி, சரக்கு, தொகை, கையெழுத்து என்று கட்டம் போட்டிருக்கிறது. அச்சிட்டு நோட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.

இமெயில் எதற்கு என்று கேட்பீர்கள். வாட்ஸாப்பில் அனுப்பினால் கல்யாணப் பத்திரிகைக்கும் காலை வணக்கத்துக்கும் நடுவில் புதைந்துவிடும். மெயிலில் இருந்தால், தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போய் அங்கிருந்தே திறந்து அச்சிட்டுக்கொள்ளலாம். உங்கள் ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு ஜிமெயில் முகவரி இருக்கும். பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது ஓரத்தில் இருக்கும் வட்டத்தைத் தொட்டால் அது தெரியும்.

போன் நம்பர் கேட்கவில்லை. கடையின் பெயரும் வேண்டாம். கையேடு வந்த பிறகு மாதம் ஒரு மெயில் வரும், கடைக் கணக்கைப் பற்றி மட்டும். பிடிக்கவில்லை என்றால் அதன் அடியில் "இனி வேண்டாம்" என்று இருக்கும், ஒரு தடவை தொட்டால் நின்றுவிடும். உங்கள் முகவரியை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

உங்கள் இமெயில் முகவரியை இங்கே எழுதுங்கள்

[ கையேட்டை எனக்கு அனுப்புங்கள் ]

ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் ஸ்பேம் பெட்டியில் ஒரு தடவை பாருங்கள்.