தேர்த் திருவிழாப் படங்கள் தொடர்பாக

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். வருகிற வெள்ளிக்கிழமை தேர். இம்முறை படங்கள் ஆல்பத்துக்கு அல்ல, சபையின் ஆவணத்துக்கு. போன வருடம் எடுத்தவர் நேராக ஃபிளாஷ் அடித்ததில் அம்பாளின் முகம் வெளிறி, பின்னால் திருவாசி இருட்டில் போய்விட்டது. நகை எது, மாலை எது என்றே தெரியவில்லை.

வசந்த மண்டபத்தில் அலங்காரம் முடிந்ததும் உங்களுக்குப் பத்து நிமிடம் தருகிறோம்; குருக்களிடம் சொல்லியாயிற்று. கமராவை முக்காலியில் வைத்து, இரு பக்கமும் ஒரே அளவான மென்மையான வெளிச்சத்தில் எடுங்கள். வடம் இழுக்கும்போது ஷட்டர் 1/500க்குக் குறைய வேண்டாம், படத்தில் ஆட்கள் மங்கலாகிவிடுவார்கள். மூலஸ்தானத்தை எடுக்கக் கூடாது. அப்புறம், உள்ளே வேட்டியோடு, மேற்சட்டை இல்லாமல்தான், தெரியும்தானே.

கட்டணத்தைப் புதன்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்,
ஆலய பரிபாலன சபை