எங்கே இடறுகிறது? ஆய்வு நெறி வகுப்புக்கான அட்டைகள்

பிஎச்.டி. கோர்ஸ் ஒர்க், சமூகப்பணித் துறை. ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் தாள், இரண்டாம் வாரம்.

தொடங்கும் முன்

போன ஆண்டு வரை இந்த வகுப்புக்கு 58 ஸ்லைடுகள் வைத்திருந்தேன். நியூரம்பர்க் 1947, ஹெல்சிங்கி 1964, பெல்மான்ட் 1979 என்று ஆய்வு நெறி ஆவணங்கள் வரிசையாக ஓடும். தேர்வில் எல்லோரும் சரியாகவே எழுதினார்கள். தன்னார்வ ஒப்புதல் பற்றிய கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கிய ஒருவர், அடுத்த மாதமே களத்திலிருந்து 40 ஒப்புதல் படிவங்களோடு வந்தார். எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு. “ஊர்த் தலைவரே எல்லாருக்கும் போட்டுக் கொடுத்துட்டார் மேடம்” என்று சந்தோஷமாகச் சொன்னார். மறைக்கவெல்லாம் இல்லை. தப்பு நடந்ததே அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் ஸ்லைடுகளைப் பிரித்து அட்டைகளாக எழுதத் தொடங்கினேன்.

நான்கு பேர் ஒரு குழு. ஒருவர் முன்பக்கத்தைச் சத்தமாகப் படியுங்கள். விடைகளைப் பார்ப்பதற்கு முன், சிக்கல் எந்த வரியில் இருக்கிறது என்று அவரவர் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம் போதும். அப்புறம் நான்கு பேரும் பேசி ஒரு விடையைத் தேர்ந்தெடுங்கள். அதுவரை அட்டையைத் திருப்ப வேண்டாம். பின்பக்கத்தில் இருப்பது என் முடிவு. மூன்றாம் அட்டையின் பின்பக்கம் போன பருவத்து மாணவர்கள் வாதாடித் திருத்தியது. நீங்களும் வாதாடலாம்.

அட்டை 1: சூளை

செங்கல் சூளையில் வேலை செய்யும் பெண்களின் முதுகுவலி பற்றி ஆய்வு. முதலாளியிடம் அனுமதி கேட்டீர்கள். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “எல்லாரும் வாங்க, காலேஜ்ல இருந்து வந்திருக்காங்க, ஒரு ரேகை வச்சுட்டுப் போங்க” என்று குரல் கொடுத்தார். பத்து நிமிடத்தில் 22 பெருவிரல் ரேகைகள் வந்துவிட்டன. படிக்கத் தெரியாதவர்களுக்குச் சாட்சி வேண்டுமே என்றீர்கள். அவரே 22 படிவத்திலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

சிக்கல் எங்கே? என்ன செய்வீர்கள்?

அ. ரேகையும் சாட்சியும் இருக்கின்றன. பேட்டியைத் தொடங்குவேன்.
ஆ. முதலாளியைச் சற்றுத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, அதே படிவங்களோடு தொடர்வேன்.
இ. அந்தப் படிவங்களை ஒதுக்கிவிட்டு, மாலையில் அவர்கள் தங்கும் குடிசைகளுக்குப் போய்ப் புதிதாகக் கேட்பேன்.
ஈ. படிவங்களை ஒதுக்கிவிட்டு, சூளைக்கு வெளியே வைத்துக் கேட்பேன்.

*பின்பக்கம்.* பெரும்பாலான குழுக்கள் ‘இ’ என்கின்றன. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் குடிசைகளும் சூளைக்குள்தான் இருக்கின்றன. யார் வீட்டில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பது காலையில் முதலாளிக்குத் தெரிந்துவிடும். அந்தப் பெண்களில் பலர் அவரிடம் முன்பணம் வாங்கியவர்கள். கடன் கொடுத்தவர் முன்னால் “மாட்டேன்” என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நியூரம்பர்க் விதிகளில் முதலாவது, ஒப்புதல் வற்புறுத்தலின்றி வர வேண்டும் என்கிறது. இங்கே யாரும் மிரட்டவில்லை, அந்த நாற்காலியே போதுமானதாக இருந்தது. சாட்சி என்பவர் இரு பக்கமும் சாராதவராக இருக்க வேண்டும். முதலாளி அப்படிப்பட்டவர் அல்ல.

என் விடை ‘ஈ’. வாரச் சந்தைக்கு வரும்போது பிடியுங்கள். 22 பேரில் 9 பேர்தான் சம்மதிக்கிறார்கள் என்றால் உங்களுக்குக் கிடைத்தது 9 பேர். யார் மறுத்தார்கள் என்று முதலாளி கேட்டால் சொல்லக் கூடாது, பேச்சுவாக்கில்கூட.

அட்டை 2: விடுதி

அரசு விடுதியில் 13 முதல் 16 வயது வரையுள்ள 60 மாணவிகளுக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். பெற்றோர் மலைக் கிராமங்களில் இருக்கிறார்கள், வரவழைப்பது கஷ்டம். “நான்தான் இவங்களுக்கு அம்மா மாதிரி” என்று வார்டன் 60 படிவங்களிலும் கையெழுத்திடத் தயாராக இருக்கிறார்.

அ. வார்டன் கையெழுத்துப் போதும், ஆபத்தில்லாத சோதனைதானே.
ஆ. வார்டனோடு மாணவிகளின் கையெழுத்தையும் வாங்கினால் போதும்.
இ. பெற்றோர் ஒப்புதலும் மாணவியின் சம்மதமும் கிடைத்தவர்களை மட்டும் சேர்ப்பேன்.

*பின்பக்கம்.* ‘இ’. ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதலின்படி பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அதோடு 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளையின் எழுத்துபூர்வச் சம்மதமும் வேண்டும். பிள்ளை வேண்டாமென்றால் வேண்டாம்தான்.

“ஒரு சொட்டு ரத்தம்தானே” என்று சொல்பவர்களுக்கு ஒரு நிஜச் சம்பவம். 2009இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும் ஆய்வுத் திட்டம் நடந்தது. அவர்களில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பல ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டது பிறகு தெரியவந்தது. 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தக் காப்பாளர்களும் “நான்தான் அம்மா மாதிரி” என்று நினைத்தே போட்டிருக்கலாம்.

அட்டை 3: ஏழு படிவங்கள்

சினாப்சிஸில் 120 பேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். கையில் 113 படிவங்கள். நாளைக் காலை பத்து மணிக்கு டாக்டோரல் கமிட்டி. அறைத்தோழி சொல்கிறார்: “எல்லாரும் ஒரே மாதிரிதான் பதில் சொல்லியிருக்காங்க. ஏழு பேருக்கு நீயே டிக் பண்ணிடு. சராசரி ஒண்ணும் மாறாது.”

அ. டிக் செய்வேன், பிறகு களத்துக்குப் போய் உண்மையான ஏழு பேரை வைத்து மாற்றிக்கொள்வேன்.
ஆ. 113 என்றே சொல்லி, ஏன் குறைந்தது என்று விளக்குவேன்.
இ. உடம்பு சரியில்லை என்று கமிட்டியைத் தள்ளிப்போடுவேன்.

*பின்பக்கம்.* ‘ஆ’. முதலில் நான் ‘இ’யைத் தப்பு என்று மட்டும் எழுதி விட்டிருந்தேன். மாணவர்கள் சண்டை போட்டார்கள். பொய்க்காரணம் சொல்லாமல், “படிவங்கள் முடியவில்லை, இரண்டு வாரம் கொடுங்கள்” என்று தேதியை மாற்றக் கேட்பது நேர்மையான வழிதானே என்றார்கள். சரிதான். சேர்த்துக்கொண்டேன்.

‘அ’வைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். சராசரி மாறாது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதும் ஏழு பேரும் உங்களுக்கு ஏற்கனவே தெரிந்ததையே சொல்வார்கள். உங்கள் கருதுகோளைப் புரட்டிப் போடக்கூடிய எட்டாம் தெருப் பாட்டி அந்த ஏழு பேரில் ஒருவராக இருந்திருக்கலாம். பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர் யான் ஹென்ட்ரிக் ஷோன், தரவை இட்டுக்கட்டி 2002இல் மாட்டிக்கொண்டது எப்படித் தெரியுமா? வெவ்வேறு சோதனைகளின் வரைபடங்களில் இரைச்சல்கூட ஒன்றுபோலவே இருந்தது. நிஜ உலகத் தரவில் அப்படி அமையாது.

அட்டை 4: ஏழு நாளில் வெளியீடு

மின்னஞ்சல் வருகிறது: “மதிப்பிற்குரிய பேராசிரியரே, உங்கள் அரிய கட்டுரையை 7 நாளில் வெளியிடுகிறோம், கட்டணம் 2,500 ரூபாய்.” நீங்கள் பேராசிரியர் இல்லை. தீசிஸ் சமர்ப்பிக்க ஒரு கட்டுரை குறைகிறது.

அனுப்புவீர்களா? அனுப்புவீர்கள் என்றால் எதைச் சோதித்த பிறகு?

*பின்பக்கம்.* கட்டணம் வாங்குவதாலேயே ஒரு ஜர்னல் போலியாகிவிடாது. ஏழு நாளில் இரண்டு பேர் படித்து, கருத்து எழுதி, நீங்கள் திருத்தி அனுப்ப முடியுமா? அதைத்தான் பாருங்கள். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள். தன் பெயர் அதில் இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அட்டை 5: நான்கு சதவீதம்

உங்கள் தமிழ்த் தீசிஸின் இரண்டாம் இயலில் ஆறு பக்கங்கள், ஒரு ஆங்கிலக் கட்டுரையைப் பத்தி பத்தியாகத் தமிழாக்கியவை. மேற்கோள் குறிப்பு இல்லை. ஒப்புமைச் சோதனை ரிப்போர்ட் 4% என்கிறது. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி 10% வரை தண்டனை கிடையாது. கைடும் “சூப்பர்” என்று சொல்லிவிட்டார்.

அ. ரிப்போர்ட் சுத்தம், விட்டுவிடுவேன்.
ஆ. நூற்பட்டியலில் அந்தக் கட்டுரையைச் சேர்ப்பேன்.
இ. ஆறு பக்கத்தையும் என் வாதமாகத் திரும்ப எழுதி, எடுத்த இடங்களில் ஆசிரியரைச் சொல்வேன்.

*பின்பக்கம்.* ‘இ’. மென்பொருள் சொற்களைத்தான் பொருத்திப் பார்க்கிறது. மொழி மாறினால் அதன் கண்ணில் படுவது அரிது. ஆங்கிலத்தில் எழுதும் ஸ்காலர் செய்ய முடியாத திருட்டு தமிழில் எழுதும் நமக்கு மிக எளிதாக இருக்கிறது. இதை வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. மொழிபெயர்ப்பு அருமையான வேலை, தமிழுக்குத் தேவையான வேலை. “இது மொழிபெயர்ப்பு” என்று ஒரு வரி எழுதினால் அது உங்களுக்குப் பெருமைதான். ‘ஆ’வில் எது யாருடையது என்று வாசகருக்குத் தெரியாது.

அட்டை 6: முதல் பெயர்

தரவு சேகரித்தது, எழுதியது நீங்கள். திருத்தியது கைடு. துறைத் தலைவர் கட்டுரையைப் பார்க்கவே இல்லை. ஆனால் “சார் பேரை முதல்ல போட்டுடுங்க, அதுதான் இங்க வழக்கம்” என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள்.

இந்த அட்டைக்கு விடைகள் கொடுக்கவில்லை. நீங்கள் கைடிடம் போய்ச் சொல்லப்போகும் முதல் இரண்டு வாக்கியங்களை எழுதுங்கள். குழுவில் ஒருவர் கைடாக நடியுங்கள்.

*பின்பக்கம்.* மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், எழுதியதற்குப் பொறுப்பேற்பது. நான்கும் வேண்டும். அந்த விதியைத் துறைத் தலைவர் முகத்துக்கு நேரே நீட்டச் சொல்ல மாட்டேன். உங்கள் மூன்று வருடம் அந்தக் கட்டடத்தில்தான் கழிய வேண்டும்.

போன ஆண்டு ஒரு குழு எழுதியது எனக்குப் பிடித்திருந்தது: “மேடம், ஜர்னல்ல யார் யார் என்ன செஞ்சாங்கன்னு ஒரு ஃபார்ம் கேக்குறாங்க. சாருக்கு என்ன எழுதுறதுன்னு தெரியல, நீங்க சொன்னீங்கன்னா நான் நிரப்பிடுறேன்.” குற்றச்சாட்டு இல்லை, பொய்யும் இல்லை. முடிவெடுக்கும் பொறுப்பு அதிகாரம் உள்ளவரிடம் போகிறது. பல ஜர்னல்கள் அப்படிப்பட்ட படிவம் கேட்கின்றன. உங்கள் ஜர்னல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அட்டை 7: மல்லிகா

ஒரு பெண் ஊராட்சித் தலைவரைப் பேட்டி எடுத்தீர்கள். கேமராவை அணைத்து, நோட்டை மூடி, மோர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: “செக்குல கையெழுத்து மட்டும்தான் என்னுது. மத்ததெல்லாம் என் கொழுந்தனார் பார்த்துப்பார்.” தீசிஸில் அவர் பெயரை மல்லிகா என்று மாற்றினீர்கள், ஊரை ‘க’ என்று போட்டீர்கள். “2019இல் தேர்வான, ஒன்றியத்திலேயே ஒரே பட்டதாரிப் பெண் தலைவர், முன்னாள் அங்கன்வாடிப் பணியாளர்” என்று அறிமுகம் எழுதினீர்கள். இயலின் மையமே அந்த ஒரு வாக்கியம்தான்.

அ. பெயர் மாற்றியாயிற்று, வெளியிடுவேன்.
ஆ. அறிமுகத்தைப் பொதுவாக்கிவிட்டு, வாக்கியத்தை வைத்துக்கொள்வேன்.
இ. வாக்கியத்தையே நீக்கிவிடுவேன்.
ஈ. அவரிடம் திரும்பப் போவேன்.

*பின்பக்கம்.* ஒன்றியத்தில் ஒரே பட்டதாரிப் பெண் தலைவர் யார் என்று டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். தீசிஸ் முடிந்ததும் இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறும். அதை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், கொழுந்தனாரும்தான். ‘ஆ’ ஆளை மறைக்கிறது. ஆனால் நோட்டை மூடிய பிறகு சொன்னதை எடுத்துக்கொள்ள உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

‘ஈ’தான் என் விடை. போனில் கேட்காதீர்கள், போன் யார் கையில் இருக்கும் என்று தெரியாது. நேரில் போய், எழுதியதை வாசித்துக் காட்டி, “இதை வைக்கலாமா அக்கா?” என்று கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். அப்போது இயலின் மையமே போய்விடும், வேறு மையம் தேடித்தான் ஆக வேண்டும். சிலர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “போடு, ஆனா செக்குன்னு எழுதாத” என்பார்கள். அப்படியென்றால் செக் என்று எழுதக் கூடாது.