ஸ்லைடு 6: கார்பன் எங்கே போகிறது?

காற்றில்: சுமார் 88,000 கோடி டன்
செடி, மரங்களில்: சுமார் 45,000 கோடி டன்
மண்ணில்: சுமார் 1.7 லட்சம் கோடி டன்
கடலில்: சுமார் 38 லட்சம் கோடி டன்

பேசும் குறிப்பு:

முதலில் படத்தில் இலையைக் காட்டவும். ஒளிச்சேர்க்கையில் இலை காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுக்கிறது. அதில் ஏறக்குறைய பாதியைச் செடியே சுவாசித்துத் திருப்பி விட்டுவிடும். மிச்சம் தண்டாகவும் வேராகவும் சருகாகவும் மாறுகிறது. சருகு விழுந்தால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் தின்று, மறுபடி காற்றுக்கே அனுப்புகின்றன. கொஞ்சம்தான் மண்ணில் தங்கும். ஆனால் அந்தக் கொஞ்சம் பல நூறு ஆண்டுகளாகச் சேர்ந்ததால்தான் மண்ணின் கணக்கு மரங்களை மிஞ்சுகிறது. மாணவர்கள் இதை நம்ப மாட்டார்கள், எண்ணைத் திரும்பக் காட்டவும்.

கடல்: குளிர்ந்த நீரில் வாயு அதிகம் கரையும். அந்த நீர் துருவப் பகுதிகளில் ஆழத்துக்கு இறங்கும்போது கார்பனும் கூடவே போகிறது.

சரி, சமநிலை எங்கே சாய்கிறது? சிவப்பு அம்புக்குறியில். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதால் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன் கார்பன் காற்றில் சேர்கிறது. ஒளிச்சேர்க்கை எடுக்கும் 12,000 கோடி டன்னோடு ஒப்பிட்டால் சின்ன எண்தான். ஆனால் ஒளிச்சேர்க்கை எடுப்பது பெரும்பாலும் காற்றுக்கே திரும்பி வந்துவிடும், எரிபொருளின் கார்பனோ கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த புதுவரவு. காடழிப்பும் இதோடு சேரும். கடலும் நிலமும் பாதிக்கு மேல் உறிஞ்சுகின்றன, மீதி காற்றிலேயே நின்றுவிடுகிறது. ஹவாயின் மௌனா லோவா ஆய்வகத்தில் அளந்தபடி, காற்றில் கார்பன் டை ஆக்சைடு 1958இல் சுமார் 315 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 315 பங்கு இருந்தது; அந்த அளவு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

அடுத்த ஸ்லைடு: கடல் அமிலமாதல்.