சுயமதிப்பீடு, ஜனவரி – டிசம்பர் 2024: இருப்புக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர், மருத்துவப் பொருள் கிடங்கு

மேலாளர் அவர்களுக்கு,

போன வருடம் இதே படிவத்தில் நான் எழுதியது மூன்றே வரி. "கொடுத்த வேலையை முடித்தேன், இருப்பு ஓரளவு சரியாக இருக்கிறது" என்கிற அளவில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மதிப்பீட்டுக் கூட்டத்தில் எனக்காகப் பேச உங்கள் கையில் எதுவுமே இல்லாமல் போனதாக அப்புறம் சொன்னீர்கள். என்னோடு சேர்ந்து உழைத்தவர்களின் வேலையும் அந்த மூன்று வரியில் காணாமல் போயிருந்தது. அதனால் இந்த முறை விரிவாக எழுதுகிறேன். எண்கள் எல்லாம் மாத இருப்பு அறிக்கையிலிருந்து எடுத்தவை. எது என் கையால் நடந்தது, எது பிறரோடு சேர்ந்து நடந்தது, எது தானாக அமைந்தது என்பதையும் அங்கங்கே பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

இலக்கு 1: இருப்புத் துல்லியம் 98 சதவீதம்

எட்டவில்லை. டிசம்பர் முடிவில் 97.4 சதவீதத்தில் நிற்கிறோம். ஜனவரியில் கிடங்கை மூடி வைத்து எண்ணியபோது கணினியும் ரேக்கும் ஒத்துப்போனது 91.2 சதவீத இடங்களில்தான்.

இந்த ஆறு புள்ளி ஏற்றத்தை இரண்டு பாகமாகப் பார்க்க வேண்டும். ஜூன் மாதம் வரை புதுக் கருவி எதுவும் வரவில்லை. அதற்குள்ளேயே 94.1-க்கு வந்துவிட்டோம். வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு நாள் கதவை அடைத்து எண்ணுகிற வழக்கத்தை விட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணும் அட்டவணையை நான் போட்டதுதான் அதற்குக் காரணம். மொத்தம் 1,860 இடங்கள். அதிகம் நகரும் சரக்கு இருக்கிற 280 இடங்களை மாதம் ஒரு முறை, நடுத்தரமான 560 இடங்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மெதுவாக நகரும் 1,020 இடங்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை எண்ணுகிறோம். கணக்குப் போட்டால் நாளுக்கு 25, 26 இடம் வருகிறது. காலை லோடிங் தொடங்கும் முன் இரண்டு பேர் 40 நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். யோசனையும் அட்டவணையும் என்னுடையவை. தினமும் எண்ணியவர்கள் காலை ஷிப்ட் ஆட்கள். அவர்கள் சலித்துக்கொண்டு விட்டிருந்தால் அட்டவணை வெறும் தாளாகத்தான் இருந்திருக்கும்.

ஜூலையில் கை ஸ்கேனர்கள் வந்தன. அதற்குப் பிறகு ஏறிய மூன்று புள்ளியில் பெரும் பங்கு அந்தக் கருவிக்குத்தான். வாங்கலாம் என்று முடிவெடுத்தது நிர்வாகம், கணினியோடு இணைத்தது ஐ.டி. குழு. மூன்று வாரம் சோதித்துப் பார்த்ததும், இரண்டு ஷிப்டிலும் சேர்த்து 22 பேருக்குப் பயிற்சி கொடுத்ததும் நான். அந்த அளவில்தான் என் பங்கைக் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ஜனவரி எண் முழுக் கிடங்கின் எண்ணிக்கை, டிசம்பர் எண் அந்த மாதம் எண்ணிய இடங்களுக்கு மட்டும். இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை. ஆனால் மாத எண்ணிக்கையில் அதிகம் நகரும் இடங்கள்தான் நிறைய வருகின்றன, பிழையும் அங்கேதான் அதிகம் விழும். எனவே இந்த ஒப்பீடு நமக்குச் சாதகமாக இல்லை என்றே நினைக்கிறேன். ஜனவரியில் முழு வருடக் கணக்கையும் சேர்த்துத் தருகிறேன்.

பாண்டேஜ் ரோல் விஷயம்

இதை எந்த இலக்கின் கீழும் எழுத இடமில்லை. ஆனால் இந்த வருடம் நான் செய்ததில் மிக முக்கியமானது இதுதான். போன வருடமாக இருந்தால் எழுதாமல் விட்டிருப்பேன்.

பிப்ரவரியில் பாண்டேஜ் ரோல் தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு முறை 30 கார்ட்டன் இறங்கும்போதும் அடுத்த எண்ணிக்கையில் 120 ரோல் குறையும். சரக்கு இறங்குவது இரவில் என்பதால் சந்தேகம் இரவு ஷிப்ட் பக்கம் திரும்பியது. இரண்டு லோடிங் ஆட்களைக் கூப்பிட்டு விசாரிக்கவும் செய்தார்கள். அவர்களில் ஒருவர் மறுநாள் என்னிடம் வந்து, "சார், என் பையைத் தினமும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நின்றார். எனக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை.

ஒவ்வொரு முறையும் துல்லியமாக 120 குறைவதுதான் எனக்கு உறுத்தியது. திருடுகிறவர் எண்ணி எண்ணியா எடுப்பார்? சீல் பிரிக்காத ஒரு கார்ட்டனைத் தரையில் வைத்து அறுத்து, ரோல்களை வரிசையாக அடுக்கி எண்ணினேன். 20 இருந்தது. இன்னொன்றை அறுத்தேன். அதிலும் 20. நம் கணினியில் கார்ட்டனுக்கு 24 என்று பதிவாகியிருந்தது. சப்ளையர் பேக்கிங்கை மாற்றியிருக்கிறார், லேபிளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 20 என்றும் அச்சடித்திருக்கிறார், பொருள் குறியீடு மட்டும் பழையதே. 30 கார்ட்டன் வந்தால் கணினி 720 என்று ஏற்றிக்கொள்ளும், ரேக்கில் 600 இருக்கும். களவு எதுவும் நடக்கவே இல்லை.

அன்றே மேலிடத்துக்கு எழுதி அந்த இரண்டு பேர் மீதிருந்த விசாரணையை நிறுத்தச் சொன்னேன். பிறகு கார்ட்டனில் வருகிற 410 பொருள்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். இன்னும் 8 பொருள்களில் இதே கோளாறு இருந்தது. இப்போது புது லாட் இறங்கினால் ஒரு கார்ட்டனைத் திறந்து எண்ணிய பிறகே கணினியில் ஏற்றுகிறோம். இந்த வேலை தொடக்கம் முதல் முடிவு வரை நான் செய்தது. அப்படியே பதிவு செய்யும்படி கேட்கிறேன்.

இலக்கு 2: காலாவதிச் சேதத்தைப் பாதியாகக் குறைத்தல்

2023-இல் காலாவதியாகி அழித்தது 212 கார்ட்டன். இந்த வருடம் 71. மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது போலத் தெரியும். ஆனால் 212-இல் 60 கார்ட்டன், நாம் இப்போது வாங்குவதையே நிறுத்திவிட்ட ஒரு பொருள். அதைக் கழித்தால் 152-இலிருந்து 71. பாதிக்குமேல் குறைந்திருக்கிறது, இலக்கு நிறைவேறியது.

முன்பு முதலில் வந்ததை முதலில் அனுப்பினோம். இப்போது எது முதலில் காலாவதியாகுமோ அது முதலில் போகிறது. இந்த மாற்றத்தை டிஸ்பாட்ச் மேற்பார்வையாளரும் நானும் சேர்ந்து செய்தோம். 90 நாளுக்குள் காலாவதியாகும் சரக்கின் பட்டியலை வாரா வாரம் விற்பனைக் குழுவுக்கு அனுப்புவது என் வேலை. 52 வாரத்தில் 47 வாரம் அனுப்பியிருக்கிறேன்.

இலக்கு 3: எனக்குப் பதிலாக நிற்க ஒருவரைத் தயார் செய்தல்

இதில் தவறிவிட்டேன். நவம்பரில் 9 நாள் விடுப்பில் போனபோது 4 நாள் எண்ணிக்கை நின்றுபோனது. அட்டவணை என் கணினியில் இருந்தது, வித்தியாசம் வந்தால் எப்படித் தேடுவது என்பது என் தலைக்குள் இருந்தது. நேரமில்லை என்று வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையான காரணம், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதைவிட நானே செய்துவிடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. டிசம்பரில் தேடும் முறையை 6 பக்கத்தில் எழுதி, காலை ஷிப்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். பாதி வழி வந்திருக்கிறோம்.

என் தவறு: செப்டம்பரில் நிறுத்தி வைத்த பேட்ச்

சப்ளையர் ஒரு பேட்சை அனுப்பாமல் நிறுத்தி வைக்கச் சொன்னார். கணினியில் உடனே ஹோல்டு போட்டேன். திரும்பி வந்த சரக்கை வைக்கும் ரேக்கில் அதே பேட்சில் 6 கார்ட்டன் கணினியில் ஏற்றாமல் கிடந்தன. நான் போய்ப் பார்க்கவில்லை. அதில் 2 கார்ட்டன் ஒரு மருத்துவமனைக்குப் போய்விட்டன. மறுநாள் காலை டிஸ்பாட்ச் ஆட்கள் கண்டுபிடித்துச் சொன்னதும் திரும்ப எடுத்துவந்தோம். சீல் பிரிக்கப்படவில்லை, யாருக்கும் பயன்படுத்தப்படவும் இல்லை. ஆனாலும் மருத்துவப் பொருளில் இப்படி நடந்திருக்கவே கூடாது. திரையை நம்பி ரேக்குக்குப் போகாமல் இருந்தது என் தவறு. இப்போது ஹோல்டு என்றால் இரண்டு பேர் எல்லா ரேக்கையும் நடந்து பார்த்து, சிவப்பு லேபிள் ஒட்டி, கையெழுத்துப் போட்ட பிறகே முடிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். அதன்பின் மூன்று முறை ஹோல்டு வந்தது, மூன்றும் சரியாக நடந்தது.

சேர்ந்து வேலை செய்வது

என் மின்னஞ்சல்கள் கட்டளை மாதிரி இருக்கின்றன என்று டிஸ்பாட்ச் தரப்பில் சொன்னார்கள். திரும்ப எடுத்துப் படித்தேன், அவர்கள் சொன்னது சரிதான். அவசரம் என்றால் இப்போது நேரில் போய்ப் பேசுகிறேன்.

நான் எனக்குத் தரும் மதிப்பெண்

5-க்கு 4. இலக்கு 1-க்கு 4, இலக்கு 2-க்கு 4, இலக்கு 3-க்கு 2. தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தால் 4 வராது. ஆனால் பாண்டேஜ் ரோல் வேலையும் 410 பொருள்களைச் சரிபார்த்ததும் யாரும் கேட்காமல் நான் எடுத்துச் செய்தவை. அவற்றைச் சேர்த்துத்தான் 4 கேட்கிறேன். செப்டம்பர் தவறும், ஆளைத் தயார் செய்யாததும் இருக்கும்போது 5 கேட்க எனக்கு மனம் வராது. 3 என்று நீங்கள் நினைத்தால் எந்த இடத்தில் நம் கணக்கு வேறுபடுகிறது என்று உட்கார்ந்து பேச விரும்புகிறேன்.

2025-க்கு

துல்லியத்தில் 98.5 சதவீதத்தை இலக்காக ஏற்கிறேன். மார்ச் முடிவுக்குள் நான் இல்லாமலே இரண்டு வாரம் எண்ணிக்கை நடக்க வேண்டும். அதற்குக் காலை ஷிப்டில் அந்த ஒருவருக்கு வாரம் 4 மணி நேரம் லோடிங் வேலையிலிருந்து விடுவிப்பு வேண்டும். இரண்டாவதாக, புதுப் பொருள் பதிவாகும்போது கார்ட்டன் அளவை உறுதிசெய்யும் கையெழுத்து கொள்முதல் பிரிவில் மட்டும் இருக்கிறது. அதில் கிடங்கின் கையெழுத்தையும் சேர்க்க வேண்டும். மூன்றாவது எனக்காகக் கேட்பது: இரண்டு கிடங்குகளுக்கும் சேர்த்து இருப்புப் பொறுப்பு உருவாகும்போது என் பெயரைப் பரிசீலியுங்கள். செய்ய முடியும் என்று நம்புகிறேன்.

மாத அறிக்கைகள் 12, ஹோல்டு பதிவேட்டின் நகல், 410 பொருள்களின் சரிபார்ப்புத் தாள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். பிப்ரவரியில் விசாரிக்கப்பட்ட இரண்டு பேருக்கும் அவர்கள் மீது தவறில்லை என்று எழுத்தில் இதுவரை எதுவும் தரப்படவில்லை. மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு முன் அதைக் கொடுத்துவிட முடியுமா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
இருப்புக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர்